ஆறு அட்டைகளும் ஓர் ஒயர் கூடையும்

எங்கள் மாலை வகுப்புக்கு ஆண்டறிக்கை எழுதுவது சில வருடங்களாக என் பொறுப்பு. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், கவிதை எழுதுபவள், ஆகையால் அறிக்கையும் எழுதுவாள் என்று மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வகுப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. ராஜபாளையத்தில் ஒரு வாடகை அறை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொன்று. பள்ளியை இடையில் விட்ட பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலும் நூற்பாலையில் வேலை பார்ப்பவர்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகளிலிருந்து சிலர். பால்கோவா கடைகளில் எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் பிள்ளைகள் சிலர். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறுவதுதான் குறி.

அறிக்கை பன்னிரண்டு பக்கம் வரும். கடைசி மூன்று பக்கம் தணிக்கையாளர் கையெழுத்திட்ட வரவு செலவு. அதை முழுதாகப் படிப்பவர்கள் தணிக்கையாளர், நான், அச்சகத்தில் பிழை பார்ப்பவர் ஆகிய மூவர்தான் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். அதனால் இரண்டு வருடமாக அதைச் சுருக்கி இன்ஸ்டாகிராமில் கேரசலாகப் போடுகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக விரலால் தள்ளிப் பார்க்கும் படங்கள். எங்களுடையது ஆறு அட்டை: முகப்பு, மூன்று எண்கள், ஒரு கதை, அடுத்த ஆண்டுத் திட்டம். இதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புவோம். நன்கொடையாளர்கள் பார்ப்பது இதைத்தான்.

இந்த ஆண்டு வரைவை என் மாணவி ஒருத்தி செய்து கொண்டுவந்தாள். வண்ணம், எழுத்துரு எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் அட்டையில் 516 என்று பெரிதாக இருந்தது. மூன்றாம் அட்டையில் 66 சதவீதம். நான்காம் அட்டையில் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு. ஐந்தாம் அட்டையை வெள்ளையாக விட்டிருந்தாள்.

"கதை நீங்கதான் தரணும், மேடம். போன வருஷம் மாதிரி ஒண்ணு."

போன வருடம் மாதிரி இன்னொன்று என்னால் தர முடியாது என்பதை அவளிடம் உடனே சொல்லவில்லை. முதலில் எண்களைப் பார்ப்போம் என்று பதிவேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

516 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மாதமும் இரண்டு இடங்களின் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ, அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்புக்குத் தனிப் பதிவேடு. அதிலுள்ள பெயர்களும் அந்தக் கூட்டலில் சேர்ந்திருந்தன. அப்படியென்றால் பத்து மாதம் விடாமல் வந்தவள் பத்துப் பேர். அவளே தையலுக்கும் வந்திருந்தால் இருபது பேர். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மாதாந்தரக் கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதைக் கூட்டினாள். தொண்டு நிறுவன அறிக்கைகளில் வரும் பெரிய எண்கள் பலவும் இப்படித்தான் பெருக்கின்றன. வருகையைக் கூட்டிவிட்டு ஆட்கள் என்று பெயர் வைப்பது. கண்டுபிடிப்பதும் கடினமில்லை. இரண்டு சிறிய அறைகள், மாலை இரண்டு மணி நேர வகுப்பு, 516 பேர் என்றால் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டாலே போதும்.

நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருப்பவற்றை அடித்துக்கொண்டே வந்தோம். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், முனீஸ்வரிகள். பிறந்த தேதி இல்லாவிட்டால் மூவரையும் ஒருத்தியாக்கியிருப்போம். ஆக, கூட்டிக் காட்டுவது மட்டுமல்ல, குறைத்துவிடும் பிழையும் உண்டு. கடைசியில் மிஞ்சியது 64.

"சின்ன நம்பர் போட்டா யாரு மேடம் நின்னு பாப்பாங்க?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த வருட வாடகை வரும். ஆனால் அந்த 64 பேரின் பெயரையும் அடித்து அடித்து எண்ணிய பிறகு அவளாலேயே 516 என்று எழுத முடியவில்லை.

இரண்டாவது எண் இதைவிட நுட்பமானது. 66 சதவீதத் தேர்ச்சி என்பது பொய்யில்லை. தேர்வு எழுதியவர்கள் 41 பேர், எல்லாப் பாடத்திலும் தேறியவர்கள் 27 பேர். 41க்கு 27 என்றால் 66 சதவீதம். கணக்கு சரி. ஆனால் 64 பேரில் 41 பேர்தான் எழுதினார்கள் என்றால் மீதி 23 பேர் எங்கே போனார்கள்? வகுத்தலில் கீழே நிற்கும் எண்ணை மாற்றியதும் அவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். வகுப்பில் சேர்ந்தவர்களைக் கீழே வைத்தால் 64க்கு 27, அதாவது 42 சதவீதம். இரண்டும் உண்மை. ஆனால் முதல் எண் சொல்வது, தேர்வறை வரை வந்துசேர முடிந்த பெண்களின் கதையை மட்டும்.

வராதவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதுவதற்கு முன் அவர்களைக் கேட்போம் என்று முடிவு செய்தோம். எங்கள் ஒருங்கிணைப்பாளர்கள் இருவரும் 23 எண்களுக்கும் போன் போட்டார்கள். சில எண்களைக் கணவர் எடுத்தார், சிலவற்றை மாமியார் எடுத்தார். அப்படி எடுத்தால் "ரேஷன் கார்டு விஷயமாப் பேசணும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு வாரம் பிடித்தது. எட்டுப் பேருக்கு ஷிப்ட் மாறியிருந்தது. ஆறு பேர் வேறு ஊர் ஆலை விடுதிக்குப் போயிருந்தார்கள். ஐந்து பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நான்கு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மூன்றாம் அட்டையை மாற்றினோம். சதவீதத்தை எடுத்துவிட்டோம். 64 பேர் சேர்ந்தார்கள், 41 பேர் எழுதினார்கள், 27 பேர் தேறினார்கள் என்று ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று வரி. கீழே சிறிய எழுத்தில், எழுதாத 23 பேருக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி. இவை நான்கும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கேரசலின் குணம் அது. ஆறு அட்டையையும் யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். விளக்கம் அடுத்த அட்டையில் இருந்தால் எண் மட்டும் ஊர் சுற்றும். ஓர் அட்டையைத் தனியாகப் பிய்த்து எடுத்தாலும் அது பொய்யாகிவிடக் கூடாது. படத்துக்குள் எழுதியதைப் பார்வையற்றவர்களின் கைபேசி வாசித்துக்காட்டாது என்பதால் அதே வரிகளைக் கீழே குறிப்பிலும் தட்டெழுதிப் போட்டோம்.

மூன்றாவது எண்ணில்தான் எனக்கே அதிர்ச்சி. தணிக்கை செய்த கணக்கின்படி ஆண்டுச் செலவு 4,48,000 ரூபாய். வாடகை, ஒருங்கிணைப்பாளர்கள் இருவரின் ஊதியம், இரவில் பெண்களை வீடு சேர்க்கும் ஆட்டோ, புத்தகம், தேர்வுக் கட்டணம், தணிக்கைக் கட்டணம். 64ஆல் வகுத்தால் ஒரு பெண்ணுக்கு 7,000 ரூபாய். "வெறும் 7,000 ரூபாயில் ஒரு பெண்ணின் எதிர்காலம்" என்று மாணவி எழுதியிருந்தாள். எதிர்காலம் என்ற சொல்லை அடித்தேன். பிறகு அந்த 'வெறும்' என்ற சொல்லில் பேனா நின்றது.

எப்படி இவ்வளவு குறைவாக முடிகிறது? பாடம் நடத்துகிறவர்கள் நான்கு பெண்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், வீட்டில் இருக்கும் பட்டதாரிகள் இருவர். யாருக்கும் சம்பளம் இல்லை. வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டில் நாற்பது வாரம். ஒருவருக்கு 400 மணி நேரம், நால்வருக்கும் 1,600 மணி நேரம். வரவு செலவுக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. பணம் கைமாறவில்லை, அதனால் வரி இல்லை. வீட்டில் சமைத்து, மாமனாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, ஐந்தரை மணிக்கு ஓடிவந்து இயற்கணிதம் நடத்துகிறவளின் உழைப்பு எங்கள் ஏட்டிலும் சுழியம்தான். நியூசிலாந்தின் மெரிலின் வேரிங் 1988இல் எழுதிய 'இஃப் விமன் கவுண்டட்' என்ற நூலை வகுப்பில் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். நாடுகளின் பொருளாதாரக் கணக்கில் பெண்களின் ஊதியமில்லாத உழைப்பு எப்படி மறைக்கப்படுகிறது என்று விரிவாகப் பேசும் புத்தகம். அதே மறைப்பை என் கையாலேயே செய்து, அதைச் சிக்கனம் என்று பெருமையும் பேசியிருக்கிறேன்.

நான்காம் அட்டையில் இப்போது இரண்டு வரி இருக்கின்றன: செலவான பணம் 4,48,000 ரூபாய், நான்கு ஆசிரியைகள் ஊதியமின்றி உழைத்த நேரம் 1,600 மணி. இதைப் பார்த்த ஆசிரியைகளில் மூத்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாப்பது வாரம்னு போட்டிருக்கீங்க. எனக்கு முப்பத்தெட்டுதான் வரும். மருமகளுக்குப் பிரசவம், ரெண்டு வாரம் வரலை" என்றார். அவருக்குப் பதிலாக அந்த இரண்டு வாரமும் மற்றவர் கூடுதலாக எடுத்ததைப் பதிவேட்டில் காட்டியபிறகுதான் மொத்தத்தை ஒத்துக்கொண்டார்.

இனி அந்த வெள்ளை அட்டை.

போன வருடம் ஐந்தாம் அட்டையில் ஒரு பெண்ணின் கதையைப் போட்டோம். எழுதியது நான்தான். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. நூற்பாலை விடுதி ஒன்றில் தங்கி வேலை பார்த்தவள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பல ஆலைகளில் இருந்த ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை, அது கல்யாணச் செலவுக்கு ஆகும். இடையில் வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போகலாம். அந்தப் பெயர் இப்போது போய்விட்டாலும் பழக்கம் எல்லா இடத்திலும் போகவில்லை. அவள் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வெளியேறினாள். ஊருக்கு வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்து பத்தாவது தேறினாள். நான் அதை எண்பது சொற்களில் எழுதினேன். பெயரை மாற்றினேன். முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படம்: முதுகு, ஒற்றைச் சடை, தோளில் தொங்கும் ஒயர் கூடை. அழகான படம்.

அந்தக் கூடையை அவள் அம்மா பின்னியது. ஆரஞ்சும் பச்சையும் கலந்து, ஓரத்தில் அவருக்கே உரிய ஒரு முடிச்சு. அவர்கள் தெருவில் பாதி வீடுகளில் அவர் பின்னிய கூடைதான். அந்த முடிச்சைப் பார்த்தால் யார் கை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமும் முடித்துத் தொகையோடு வந்திருக்கிறாள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அட்டை வாட்ஸ்அப்பில் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று நாள்கூட ஆகவில்லை. ஏன் இடையில் வந்தாள், விடுதியில் என்ன நடந்தது என்று கேள்விகள் வந்தன. பேச்சு நின்றது. அண்ணன் அவளை அடித்தான்.

அவள் என்னைப் பார்க்கக் கல்லூரிக்கே வந்தாள். அழவில்லை.

"கல்யாணம் நின்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நானே வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த ரெண்டு மாசக் கதைய நான் எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"கையெழுத்து வாங்கியிருந்தோமேம்மா" என்றேன். சொல்லி முடிக்கும்போதே அந்த வாக்கியம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சேர்ந்த அன்னிக்கு ஏழெட்டுக் காகிதத்துல போட்டேன். எது எதுக்குன்னு யாரு சொன்னா?"

அன்றே அட்டையை நீக்கினோம். இன்ஸ்டாகிராமில் நீக்கலாம். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போனதை யாரால் நீக்க முடியும்?

பெயரை மாற்றினால் போதும் என்று நான் நினைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தமிழ் படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அகத்திணைப் பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்துகிறேன். நெடுநல்வாடையில் எந்த அரசனின் பெயரும் இல்லை. ஆனாலும் அதை அகம் என்பதா புறம் என்பதா என்று உரைமரபில் வழக்கு உண்டு. காரணம், பாசறையில் வரும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளம். பெயரே சொல்லாவிட்டாலும் அந்த ஒரு தழை ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது, ஆகவே இது புறம் என்பது நச்சினார்க்கினியர் வாதம். இருபது வருடமாகக் கரும்பலகை முன்னால் நின்று இதைச் சொல்கிறவள், ஓர் ஒயர் கூடையைப் படத்தில் விட்டுவிட்டேன். ஒருத்தியின் அகத்தை எடுத்து ஊருக்குப் புறமாக்கிவிட்டேன்.

சட்டத்துக்கும் இந்த வேப்பந்தழை தெரியும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் முதலானோரின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறெந்த விவரத்தையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. அவள் குழந்தையல்ல, அந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. ஆனால் 'வேறெந்த விவரமும்' என்பதை வைத்துப் பார்த்திருந்தால் கூடையும் தெரிந்திருக்கும், 'இரண்டு மாதம்' என்பதும் தெரிந்திருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது ஒரு பெண்ணின் முதுகு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் தெருக்களைச் சுற்றி வாழும் எவருக்கும் அது இன்னார் மகள். நாங்கள் கதையை எழுதியது தூரத்தில் இருக்கும் நன்கொடையாளருக்காக. அவளுக்கு ஆபத்தானவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள்.

இந்தத் தவறு எங்களோடு தொடங்கியதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பெண்பிள்ளைகளுக்கு இடையே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல், தான் கண்டதைக் கண்டபடி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, ஊக்கம் தருவதாக இல்லை, கொஞ்சம் மாற்றித் தாருங்கள் என்று கையெழுத்துப் படி திரும்பி வந்ததாம். 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' என்ற பெயரில் 1903இல்தான் அது நூலாயிற்று. அந்த அம்மையாரின் பார்வையோடு எனக்கு எத்தனையோ வழக்கு உண்டு. நம் பெண்களை மீட்கப்பட வேண்டியவர்களாக மட்டுமே பார்க்கும் பார்வை அது. ஆனால் மாற்ற மறுத்ததில் அவரை மதிக்கிறேன். பணம் தருகிறவர்களுக்கு வேண்டியது எப்போதும் ஏறுமுகக் கதை. பள்ளத்தில் கிடந்தாள், வந்தோம், எழுந்தாள். அந்த வடிவத்துக்குள் உட்காரவேண்டும் என்றால் அவள் கிடந்த பள்ளத்தை விலாவாரியாகக் காட்டியாக வேண்டும். நான் 'இரண்டு மாதம்' என்று எழுதியதே அதற்காகத்தான். அது இல்லாமல் கதை 'எடுக்கவில்லை'.

அதற்குப்பின் எங்கள் சம்மதமுறையை மாற்றினோம். சேரும் நாளில் வாங்கும் கையெழுத்து எதற்கும் செல்லாது. கதை எழுதப்பட்ட பிறகு, அட்டை எப்படி வெளிவருமோ அப்படியே கைபேசியில் அவளுக்குக் காட்ட வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். உன் தெருவில் இதை யார் பார்த்தால் உனக்குச் சிக்கல் என்று கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். அவளுக்குப் பாடம் நடத்துகிற நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, ஏனென்றால் டீச்சரிடம் மாட்டேன் என்று எந்தப் பிள்ளை சொல்லும்? வெளியாள் ஒருவர் கேட்கிறார். மாட்டேன் என்றால் வகுப்பில் எதுவும் மாறாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிறகு எப்போது வேண்டாம் என்றாலும் நீக்குவோம், ஆனால் கைமாறிப் போனதை எங்களால் திரும்ப வாங்க முடியாது என்பதையும் சொல்கிறார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஃபார்வர்டு பட்டன் இருக்கும் உலகில் அது பாதிதான் முடியும். மீதிப் பாதியை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இப்படிக் கேட்டதில் இந்த ஆண்டு மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். நான்காவதாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் அட்டை வெள்ளையாகவே கிடந்தது.

ஆறாம் அட்டையை முதலில் முடித்தோம். திட்டம் என்றால் வழக்கமாக ஆசைகளின் பட்டியல். போன வருடம் நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன்: "முப்பது பெண்களுக்குக் கணினிப் பயிற்சி." நடக்கவில்லை. கணினி தருவதாகச் சொன்னவர் தரவில்லை, நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். அந்த ஒரு வரி இந்த ஆண்டு அட்டையின் தலையில் போகிறது: போன ஆண்டு சொன்னது இது, நடக்கவில்லை.

அதன்கீழ் ஒரே ஒரு திட்டம். அது மூன்றாம் அட்டையிலிருந்து பிறந்தது. எழுதாமல் போன 23 பேரில் எட்டுப் பேருக்கு ஷிப்ட் மாறியதுதான் காரணம். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்து மணிக்கு முடியும் ஷிப்டுக்குப் போகிறவள் எங்கள் மாலை வகுப்புக்கு எப்படி வருவாள்? நாங்கள் மாலை என்று முடிவு செய்ததே ஆசிரியைகளின் வசதிக்குத்தான். ஆகவே காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இன்னொரு வகுப்பு. ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகும். இந்த வகுப்பு ஆசிரியைக்கு மட்டுமாவது ஊதியம் கொடுத்துத் தொடங்குவோம் என்று அதில் சேர்த்திருக்கிறோம். கையில் இருப்பது 35,000. இன்னும் 25,000 வேண்டும். வராவிட்டால் ராஜபாளையத்தில் மட்டும் நடக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்காது. கல்யாணம் ஆகிப் போன ஐந்து பேருக்கும் விடுதி மாறிய ஆறு பேருக்கும் எங்களிடம் திட்டம் எதுவும் இல்லை. அதையும் அட்டையில் எழுதினோம். மாணவிக்கு அது பிடிக்கவில்லை. "நம்மால முடியாதத எதுக்கு மேடம் எழுதணும்?" என்றாள். எழுதாவிட்டால் அடுத்த வருடம் அவர்களை மறந்துவிடுவோம் என்றேன்.

போன மாதம் அவள் வந்தாள், கூடைக்காரி. இப்போது கடையொன்றில் கணக்கு எழுதுகிறாள், பதினொன்றாவதுக்குப் படிக்கிறாள். அண்ணனோடு பேச்சு இல்லை. வெள்ளை அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன வரும்?" என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

"யாரு கதையாவது போட்டே ஆகணும்னா உங்க கதையப் போடுங்க டீச்சர். நீங்க செஞ்சதப் போடுங்க."

அவள் கிண்டலாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அன்றிரவு எழுதினேன். போன ஆண்டு இந்த இடத்தில் ஒரு பெண்ணின் கதையைச் சரியாகக் கேட்காமல் போட்டோம், அதனால் அவளுக்குத் தீங்கு நேர்ந்தது, நீக்கினோம், உங்கள் கைபேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள், இனி இப்படித்தான் கேட்போம். ஐந்தாறு வாக்கியம். படம் கிடையாது. அட்டை எப்படி வருமோ அப்படியே செய்து, வெளியாளை வைத்து அவளுக்குக் காட்டினோம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது இரண்டு மாற்றம் இருந்தது. 'தீங்கு' என்பதை அடித்து 'அடி வாங்கினாள்' என்று எழுதியிருந்தாள். கடைசி வாக்கியத்தை முழுதாக அடித்திருந்தாள். "அவள் எங்களை மன்னித்துவிட்டாள்" என்று முடித்திருந்தேன். பக்கத்தில் பென்சிலில், "இதை நான் சொல்லலையே" என்று இருந்தது.

அப்படியே போட்டோம். இந்தக் கட்டுரையையும் அவளிடம் கொடுத்தேன், அதே ஒரு வார அவகாசத்தோடு. சில விவரங்களை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். ஒயர் கூடை என்று எழுதியிருப்பதும் அவள் தோளில் இருந்த பொருள் அல்ல.